எட்டுப் பேராக முடிந்த அந்த ஆட்டம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

2025 நவம்பரில் ஹாங்காங்கில் நம் சிங்கப்பூர்க் காற்பந்து அணி 2-1 என்று வென்று ஆசியக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்ற செய்தியைப் படித்து நானும் மகிழ்ந்தேன். 1984ல் போட்டியை ஏற்று நடத்திய நாடு என்ற முறையில் ஆடினோம். சொந்தக் காலில் நின்று தகுதி பெற்றது இதுவே முதல் முறை. ஆனால் அந்த ஆட்டத்தில் ஹாங்காங் போட்ட கோலுக்குப் பதில் கோல் போட்டுச் சமன் செய்தவர் ஷவால் அனுவார் என்று படித்ததும் என் மனம் நான்கு ஆண்டுகள் பின்னால் போய்விட்டது. 2021ஆம் ஆண்டு கிறிஸ்மஸ் இரவு, காலாங்கில் உள்ள தேசிய விளையாட்டரங்கில் இந்தோனீசியாவிடம் நாம் தோற்ற தென்கிழக்காசியக் கிண்ண அரையிறுதி. அன்று பந்து அவர் மீது பட்டுத்தான் நம் வலைக்குள்ளேயே போனது. வெற்றியைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். நான் அந்தத் தோல்வியைப் பற்றி எழுத விரும்புகிறேன். அண்மையில் என் அக்கா மகனுக்காக அதை மறுபடியும் உட்கார்ந்து பார்க்க வேண்டி வந்தது.

நினைவில் இல்லாதவர்களுக்காக நடந்ததைச் சொல்கிறேன். அரையிறுதி இரண்டு ஆட்டங்களாக நடந்தது. முதல் ஆட்டம் 1-1. இரண்டாவது ஆட்டத்தில் 11வது நிமிடத்திலேயே இந்தோனீசியா கோல் போட்டது. முற்பாதி முடியும் நேரத்தில் சஃபுவான் பஹாருதீன் இரண்டாவது மஞ்சள் அட்டை வாங்கி வெளியேறினார். பத்துப் பேராகிவிட்ட அணிக்கு, அடுத்த சில நிமிடங்களுக்குள், ஓய்வுக்கு முன்பே சோங் உய் யோங் கோல் போட்டுச் சமன் செய்தார். தென்கொரியாவில் பிறந்து, இங்கே வந்து ஆடி, அதே ஆண்டுதான் சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றவர் அவர். 67வது நிமிடத்தில் இர்ஃபான் ஃபாண்டியும் சிவப்பு அட்டை பெற்றார். ஒன்பது பேர். 74வது நிமிடத்தில் ஷாடான் சுலைமான் அடித்த ஃப்ரீ கிக் நேராக வலைக்குள் போனது. ஒன்பது பேரை வைத்துக்கொண்டு நாம் 2-1 என்று முன்னணியில் இருந்தோம்! எங்கள் புளோக்கில் பக்கத்து வீடு, எதிர்வீடு எல்லாவற்றிலிருந்தும் ஒரே நேரத்தில் கூச்சல் கேட்டது.

87வது நிமிடத்தில் சமன். அதன் பிறகு காயத்துக்கான கூடுதல் நிமிடத்தில் நமக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. ஃபாரிஸ் ரம்லி அடித்தார், கோல்காப்பாளர் தடுத்துவிட்டார். கூடுதல் நேரம் தொடங்கியதுமே ஷவால் மீது பட்ட அந்தப் பந்து, பிறகு இன்னொரு கோல். ஆட்டம் முடிய ஒரு நிமிடம் இருக்கையில் கோல்காப்பாளர் ஹசான் சன்னிக்கும் சிவப்பு அட்டை. மாற்று ஆட்டக்காரர்களை இறக்கும் வாய்ப்பு அப்போது நமக்கு மிச்சமில்லை. முன்வரிசையில் ஆடும் இக்சான் ஃபாண்டி கையுறை மாட்டிக்கொண்டு கோல் கம்பத்துக்கு நடுவில் போய் நின்றார். 4-2, மொத்தத்தில் 5-3. ஏழு பேருக்குக் குறைந்தால் ஆட்டத்தைத் தொடர முடியாது என்பது விதி. நாங்கள் அதற்கு ஒரே ஒருவர் மேலே இருந்தோம்.

மறுநாள் எல்லாரும் பெருமையாகப் பேசினார்கள், நடுவர் மீது கோபப்பட்டார்கள். எனக்கும் இரண்டும் இருந்தன. ஆனால் வார இறுதி ஆட்டங்களில் பன்னிரண்டு வருடம் வலது தற்காப்பில் ஆடியவன் என்பதால் எனக்கு வேறொன்றும் தோன்றியது. அதைத்தான் பையனிடம் சொன்னேன்.

அவன் உயர்நிலை மூன்றில் படிக்கிறான், பள்ளி அணியில் தற்காப்பு ஆட்டக்காரன். இந்த ஆண்டு ஒரு முக்கியமான ஆட்டத்தில் ஸ்கோர் 1-1ஆக இருந்தபோது, ஏற்கெனவே ஒரு மஞ்சள் அட்டை வாங்கியிருந்தவன், நடுவர் எதிரணிக்கு ஃப்ரீ கிக் கொடுத்த கோபத்தில் பந்தை வேலிப் பக்கம் எத்திவிட்டான். வெளியே அனுப்பிவிட்டார்கள். அணி 3-1 என்று தோற்றது. அதற்கப்புறம் பயிற்சிக்கே போகவில்லை. "நான் போனா எல்லாரும் என்னையேதான் பாப்பாங்க மாமா" என்றான். அக்காவோ, நடுவர் செய்தது அநியாயம் என்று அவனுக்காக வாதாடிக்கொண்டிருந்தார். சரி, ஒரு சனிக்கிழமை வா என்று கூப்பிட்டு அந்தப் பழைய ஆட்டத்தைப் போட்டுக் காட்டினேன்.

முதலில் ஒரு காகிதத்தில் கணக்குப் போடச் சொன்னேன். பெரிய திடல் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். கோல்காப்பாளரை விட்டுவிட்டால் பத்துப் பேர். ஒருவர் பங்குக்கு ஏறக்குறைய 714 சதுர மீட்டர். இருவர் வெளியேறி அந்தப் பத்து எட்டாகும்போது அது ஏறக்குறைய 893 ஆகிறது. யாரும் அப்படிச் சதுரம் பிரித்துக்கொண்டு நிற்பதில்லைதான். ஆனால் போனவருடைய இடம் காற்றில் கரைந்துவிடுவதில்லை, இருப்பவர்கள் தலையில் ஏறுகிறது என்பது அவனுக்குப் புரிந்தது.

ஒன்பது பேரால் 68 மீட்டர் அகலத்தையும் காக்க முடியாது. அதனால் ஓரங்களை எதிரணிக்கு விட்டுக்கொடுத்து, நடுவில் நெருக்கமாக நிற்பார்கள். விட்டுக்கொடுத்த ஓரத்திலிருந்து பந்து வளைந்து உள்ளே வரும். தலையால் முட்டி வெளியே அனுப்ப வேண்டும். அன்று வெளியேறிய இருவருமே உயரமானவர்கள், தற்காப்பில் தலையால் பந்தை எடுக்கக்கூடியவர்கள். சரி, இருப்பவர்கள் எப்படியோ முட்டி அனுப்பினாலும், முன்னால் அதைப் பிடித்து வைத்துக்கொள்ள ஆளில்லை. ஒருவர் தனியாக நிற்பார், அவரைச் சுற்றி மூன்று பேர். பந்து பத்து விநாடியில் திரும்பி வரும். மறுபடியும் ஓரம், மறுபடியும் உள்ளே. இப்படிப் பத்து, பதினைந்து முறை வந்தால் கால் களைப்பதற்கு முன்னால் கணிப்பு களைத்துவிடும். எழும்ப வேண்டிய நொடியில் அரை நொடி தாமதம், வைக்க வேண்டிய இடத்திலிருந்து ஒரு அடி தள்ளிக் கால். 74வது நிமிடத்திலிருந்து 87வது நிமிடம் வரை, பதின்மூன்று நிமிடம் தாங்கினார்கள். அந்தப் பதின்மூன்று நிமிடத்தை நான் பெருமை என்கிறேன். ஆனால் அதற்குப் பிறகு வந்த கோல்களைத் துரதிர்ஷ்டம் என்று மட்டும் சொல்ல மாட்டேன். இரண்டு பேருடைய வேலையும் சேர்ந்து ஏறிய பாரத்தின் விலை அது.

அப்புறம் அவன் கேட்டான்: "அப்ப அட்டை வாங்குனவங்கதான் தோக்க வெச்சாங்களா?"

அந்தக் கேள்வி அவனைப் பற்றியது என்று எனக்குத் தெரியும். என் பதிலை இங்கே எழுதுவதுதான் இந்தக் கடிதத்தின் நோக்கம். ஒரு தற்காப்பு ஆட்டக்காரர் மஞ்சள் அட்டை வாங்கிவிட்டால், அந்த நிமிடத்திலிருந்து அவர் கால் நீட்டிப் பந்தைப் பறிக்கத் தயங்க வேண்டியிருக்கும். எதிரணிக்கும் அது தெரியும், வேண்டுமென்றே அவர் பக்கமாகவே ஓடிவருவார்கள். அப்போது அவருக்கு முன்னால் ஆடுபவர் பத்து மீட்டர் கீழே இறங்கி வர வேண்டும். பக்கத்தில் நிற்பவர் அவர் முதுகுக்குப் பின்னால் இடம் பார்க்க வேண்டும். எதிரியை எதிர்கொள்ளும் வேலையை இன்னொருவர் எடுத்துக்கொண்டால், அட்டை வாங்கியவர் பின்வாங்கி நின்று வழியை மட்டும் அடைத்தால் போதும். நாங்கள் ஆடும்போது ஒருவர் மஞ்சள் அட்டை வாங்கியதும் கேப்டன் கையை உயர்த்தி "அவனுக்குக் கூட ஒரு ஆள்!" என்று கத்துவார். அப்படி யாரும் கத்தாத நாளில்தான் சிவப்பு அட்டை வரும். தனியாக விடப்பட்டவர் வேறு வழியில்லாமல் கடைசியாகக் கால் நீட்டுவார். அதனால் ஓட்டத்தில் வரும் இரண்டாவது அட்டை பெரும்பாலும் ஒருவருடைய தவறாக இருப்பதில்லை.

கோபத்தில் பந்தை எத்தியது மட்டும் வேறு. அதில் எந்த எதிரியும் ஓடிவரவில்லை, யாரும் அவனைத் தனியாக விடவில்லை. அது அவனுடையது மட்டும்தான் என்று நான் மறைக்காமல் சொன்னேன். அவன் முகம் வாடிவிட்டது. இருந்தாலும் நடுவரைத் திட்டி அவனை ஆறுதல்படுத்துவதைவிட இதுதான் அவனுக்கு மரியாதை என்று நினைத்தேன். தன் மானம் பெரிதென்று ஒருவன் எத்திய பந்துக்கு மற்றப் பத்துப் பேர் ஓடித்தான் விலை கொடுத்தார்கள். அந்தப் பத்துப் பேர் முன்னால் போய் நிற்பதற்குத்தான் அவன் பயந்தான்.

பிறகு கடைசி நிமிடங்களைப் போட்டேன். இர்ஃபானும் இக்சானும் அண்ணன் தம்பி, நம் முன்னாள் நட்சத்திரம் ஃபாண்டி அகமதின் பிள்ளைகள். அண்ணன் அட்டை வாங்கி உள்ளே போய் ஏறக்குறைய ஒரு மணி நேரம் கழித்து, தம்பி கையுறை போட்டுக்கொண்டு கோலில் நிற்கிறார். கோல் போடுவது அவர் வேலை, கோலில் நிற்பது அவர் வேலையே இல்லை. ஆட்டம் கையைவிட்டுப் போய்விட்டது. இருந்தும் நின்றார், அதற்கப்புறம் பந்து உள்ளே போகவில்லை. பையன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "அவங்க அண்ணன் உள்ள உக்காந்து என்ன நெனச்சிருப்பாரு?" என்றான். எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் அட்டை வாங்கியதால் இர்ஃபான் அந்த அணியைச் சேர்ந்தவர் இல்லை என்றாகிவிடவில்லை என்று சொன்னேன். பெனால்டியைத் தவறவிட்ட ஃபாரிஸும் அப்படித்தான், ஷவாலும் அப்படித்தான்.

எந்த ஊரில் பிறந்தார், எவ்வளவு காலமாக இருக்கிறார் என்று கேட்டு ஒருவரை அணிக்காரர் என்று சொல்வதைவிட, அவர் விட்ட இடத்தை யார் ஓடி நிரப்பினார்கள், அவர் யார் விட்ட இடத்தை ஓடி நிரப்பினார் என்று பார்த்துச் சொல்லலாம். சோங் உய் யோங் அன்று கோல் போட்டது சஃபுவான் வெளியேறிய சில நிமிடங்களில்.

சிவப்பு அட்டை வாங்கியவன் அடுத்த ஆட்டத்தில் ஆட முடியாது. அது அவனுக்கும் தெரியும். போன வாரம் அந்த ஆட்டம் நடந்தது. நானும் அக்காவும் போயிருந்தோம். மழை விட்டு, திடலில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. அவன் நீளக் காற்சட்டையும் பள்ளிச் சட்டையும் போட்டுக்கொண்டு, இரண்டு கையிலும் தண்ணீர் போத்தல் கூடைகளைத் தூக்கிக்கொண்டு வந்தான். இடைவேளையில் ஒவ்வொருவருக்கும் எடுத்துக் கொடுத்தான். அவன் இடத்தில் அன்று ஆடிய சிறுவன் ஒருவன், அவனைவிட ஒரு வயது சின்னவன், போத்தலை வாங்கிக்கொண்டு ஏதோ கேட்டான். இவன் குனிந்து, கையை நீட்டித் திடலின் வலது ஓரத்தைக் காட்டி நெடுநேரம் விளக்கிக்கொண்டிருந்தான்.

அன்புடன்,
உங்கள் நீண்டகால வாசகர்,
ஈசூன்