'சீக்கிரம் வாருங்கள்' என்பதற்கு முன் ஊரைச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆம்புலன்ஸுக்குத் தொலைபேசினால் வண்டியை அனுப்பாமல், எந்த மாவட்டம், எந்தத் தாலுகா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள் என ஒரு வாசகர் சென்ற வாரம் கொதித்து எழுதியிருந்தார். தந்தை மூச்சுக்குத் தவிக்கும்போது அவருக்கு வந்த கோபம் நியாயமானது. ஆனால் அந்தக் கேள்விகளைக் கேட்கும் நாற்காலியில் ஒன்பது ஆண்டுகள் உட்கார்ந்தவள் என்ற முறையில், அங்கே என்ன நடக்கிறது என்பதைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

108-ஐ அழைத்தால் மணி அடிப்பது உங்கள் ஊர் அரசு மருத்துவமனையில் என்று பலர் நினைக்கிறார்கள். அது போய்ச் சேர்வது பல மாவட்டங்களின் அழைப்புகளையும் எடுக்கும் ஒரு கட்டுப்பாட்டு அறைக்கு. மறுமுனையில் இருப்பவர் உங்கள் ஊரைப் பார்த்தே இராதவராக இருக்கலாம். "மாரியம்மன் கோயில் தெரு, சீக்கிரம் வாருங்கள்" என்றால் உங்களுக்கு அது ஒரே தெரு. அவருக்கோ அந்தப் பெயரில் நூற்றுக்கணக்கான தெருக்கள்.

வேலையில் சேர்ந்த புதிதில் நான் செய்த தவறு ஒன்று இன்னும் உறுத்துகிறது. அழுதுகொண்டு பேசிய ஒரு பெண்ணிடம், மனம் கேளாமல், "என்னம்மா ஆயிற்று?" என்று முதலில் கேட்டுவிட்டேன். கணவருக்கு நெஞ்சுவலி, வேர்த்துக் கொட்டுகிறது, இடது கை மரத்துவிட்டது, சர்க்கரை வியாதி உண்டு என்று எல்லாம் சொன்னார். ஊரைக் கேட்க வாயெடுத்தேன், இணைப்பு அறுந்தது. திருப்பி அழைத்தால் அணைக்கப்பட்டிருந்தது. நோயாளியைப் பற்றி எல்லாம் தெரியும், அவர் இருக்கும் இடம் மட்டும் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரர் வேறு கைபேசியிலிருந்து அழைத்துக் கொடுத்த முகவரியால்தான் வண்டி போனது. அன்றிலிருந்து என் முதல் கேள்வி ஒன்றுதான்: "நோயாளி எங்கே இருக்கிறார்?" அடுத்து, திருப்பி அழைக்க வேண்டிய எண். அதன் பிறகே என்ன ஆயிற்று என்பது. இடம் கையில் இருந்தால், பாதியில் இணைப்பு போனாலும் வண்டியை அனுப்பிவிடலாம்.

"நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்?" என்று கேட்கக்கூடாது என்பதையும் அங்கேதான் கற்றேன். மகன் சென்னையில் இருப்பார், கிராமத்தில் தனியாக இருக்கும் தாய் விழுந்துவிட்டார் என்று பக்கத்து வீட்டில் சொன்னதும் நம்மை அழைப்பார். எங்கே என்று கேட்டால் பதற்றத்தில் தன் அலுவலகத்தைச் சொல்வார். கைபேசிக் கோபுரத்தை வைத்துப் பார்த்தாலும் அது சென்னையைத்தான் காட்டும். அழைப்பவர் நோயாளியின் அருகிலேயே இருந்தால்கூட, கிராமப்புறத்தில் ஒரு கோபுரத்தின் வட்டம் பல கிலோமீட்டர் விரியும். கோபுரம் திசை காட்டலாம், வீட்டு வாசலைக் காட்டாது.

ஓர் இரவு வந்த அழைப்பைச் சொல்கிறேன். ஓர் இளைஞன், "அண்ணன் வண்டியிலிருந்து விழுந்துவிட்டான், ரத்தம் நிற்கவில்லை, சீக்கிரம் வாருங்கள்" என்று கத்தினான். எந்த ஊர் என்றேன். "திருப்பத்தூர் ரோடு, பெட்ரோல் பங்க் பக்கம்." தமிழ்நாட்டில் திருப்பத்தூர் என்பது ஒரு மாவட்டத்தின் தலைநகர், அது வாணியம்பாடிப் பக்கம். சிவகங்கை மாவட்டத்திலும் ஒரு திருப்பத்தூர் இருக்கிறது. தவறான ஊரைப் பிடித்தால் மாநிலத்தின் மறுகோடியில் வண்டி புறப்படும். மாவட்டம் கேட்டேன், "சீக்கிரம் வாருங்கள்" என்பதே மறுபடியும் பதிலாக வந்தது. அப்போது குரலை உயர்த்தினால் எதிர்முனையில் இன்னும் உயரும். அதே சொற்களை, அதே நிதானத்தில், காரணத்தோடு திரும்பச் சொல்ல வேண்டும்: "வண்டி அனுப்ப எனக்கு இடம் தெரிய வேண்டும் தம்பி. எந்த மாவட்டம்?" மூன்றாம் முறையில் அந்தச் சொற்கள் அவன் காதில் ஏறின. சிவகங்கை என்றான்.

"காரைக்குடி ரோடா?" என்று நானே எடுத்துக் கொடுக்கவில்லை. பதறியிருப்பவர் எதைக் கேட்டாலும் ஆமாம் என்பார். "எங்கிருந்து கிளம்பினீர்கள், எங்கே போகிறீர்கள்?" என்றேன். காரைக்குடியிலிருந்து திருப்பத்தூருக்கு. "கடைசியாக எந்த ஊரைத் தாண்டினீர்கள்?" குன்றக்குடி. "பிள்ளையார்பட்டி விலக்கு வந்துவிட்டதா?" இன்னும் இல்லை. அந்த நான்கு பதில்களில் ஒரு நீளச் சாலை சில கிலோமீட்டராகச் சுருங்கிவிட்டது. பக்கத்து இருக்கையில் இருந்தவர் அதற்குள் அருகிலிருந்த வண்டியைக் கிளப்பிவிட்டார். அந்த இளைஞனுக்கு இது தெரியாது. நான் வெறுமனே பேசிக்கொண்டிருப்பதாகவே நினைத்திருப்பான்.

மீதிக் கேள்விகள் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது கேட்டவை. பெட்ரோல் பங்கின் பெயர்ப்பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கச் சொன்னேன். மூடிய கடையானாலும் பலகையில் ஊர்ப் பெயர் பெரும்பாலும் இருக்கும், வெளியூரில் விபத்தில் சிக்கியவருக்கு அதைவிட நல்ல முகவரி கிடையாது. ஊரைத் திரும்ப ஒருமுறை அவன் வாயாலேயே சொல்ல வைத்தேன். திருவள்ளூரும் திருவாரூரும் அழுகைக்கு நடுவில் ஒரே மாதிரி கேட்கும் என்பதால் இந்த வழக்கம். துணியை மடித்துக் காயத்தின் மேல் அழுத்திப் பிடிக்கச் சொன்னேன். உடன் இருந்த இன்னொருவரைக் கைபேசி விளக்கை ஏந்தியபடி சாலையோரம், வண்டிகள் படாத இடத்தில் நிற்கச் சொன்னேன். கடைசியாக, எங்கள் பைலட் அழைப்பார், அதுவரை இந்த எண்ணிலிருந்து யாருக்கும் பேசாதே என்றேன். ஆம்புலன்ஸ் ஓட்டுநரைப் பைலட் என்றுதான் நாங்கள் சொல்வோம். உறவினர்களுக்கெல்லாம் செய்தி சொல்லும் அவசரத்தில் இணைப்பு பிடிபடாமல் போய், இரண்டு தெரு தள்ளி வண்டி சுற்றிக்கொண்டிருந்ததை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

நான்குவழிச் சாலை என்றால் இன்னொரு கேள்வி உண்டு: எந்த ஊரை நோக்கிப் போகும் பக்கம்? நடுவில் தடுப்பு இருப்பதால், எதிர்ப்பக்கம் வந்த வண்டி அடுத்த திருப்பம் வரை ஓடித்தான் திரும்ப முடியும். தேசிய நெடுஞ்சாலையில் மஞ்சள் தலை வைத்த கிலோமீட்டர் கல்லைத் தேடி, அதில் உள்ள ஊரையும் எண்ணையும் வாசித்தால் போதும்.

ஆகவே கேள்வி கேட்பவர்மீது கோபப்படும் வாசகரிடம் என் வேண்டுகோள்: மாவட்டம், ஊர், எல்லோரும் அறிந்த ஓர் அடையாளம், இந்த மூன்றையும் முதல் மூச்சிலேயே சொல்லிவிடுங்கள். முதியவர்கள் தனியாக இருக்கும் வீட்டில் முழு முகவரியையும், பஸ் நிறுத்தத்திலிருந்து வரும் வழியையும் பெரிய எழுத்தில் எழுதித் தொலைபேசி அருகே ஒட்டி வையுங்கள். அவர்களுக்கு உதவ ஓடி வரும் பக்கத்து வீட்டுச் சிறுவனுக்கும் கதவு எண் தெரிந்திருக்காது.

உள்ளாட்சி அமைப்புகளிடமும் ஒன்று கேட்கிறேன். தெருப் பலகையில் தெருவின் பெயரை மட்டும் எழுதினால், அதைப் பார்த்து வாசிக்கும் வெளியூர்க்காரரால் எங்களுக்கு உதவ முடியாது. ஊராட்சியின் பெயரையும் மாவட்டத்தின் பெயரையும் அதன் கீழே ஒரு வரியில் சேர்த்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் அவசர அழைப்பு அலுவலர்,
மதுரை