"சொல்வாங்க" என்ற சொல்லை வெட்டியவன் எழுதுவது: வட ஆற்காட்டு வீடியோக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கம் கையில் போனும் காலரில் மைக்குமாக ஊர் சுற்றும் நண்பர்களுக்கு,

வணக்கம். மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தது 2019-இல். எனக்கு இன்னும் வாயில் வருவது வட ஆற்காடுதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டிசம்பர் கடைசி வந்தால் நாம் எல்லாரும் ஒரே வீடியோவைப் போடுகிறோம். மொட்டை மாடி, பின்னால் மலை, மெல்லிய இசை, "இந்த வருஷம் நான் கத்துக்கிட்ட மூணு விஷயம்". போன வருஷம் நானும் போட்டேன். அதில் நான் ஒப்புக்கொண்ட மூன்று தவறுகள் என்ன தெரியுமா? அளவுக்கு மீறி உழைத்தேன், உடம்பைக் கவனிக்கவில்லை, எல்லாரையும் எளிதில் நம்பிவிட்டேன். பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளை தன் குறையைச் சொல்வது மாதிரி. இந்த வருஷம் அதையே மறுபடி எழுத உட்கார்ந்தபோது கூச்சமாக இருந்தது. அதனால் வேறு மாதிரி செய்தேன். அதைத்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

ஒரு நோட்டில் இரண்டு பத்தி கோடு போட்டேன். ஒன்றில் தவறு என்று எனக்குத் தெரிந்த தேதி. இன்னொன்றில் அதைச் சரிசெய்த தேதி. கமெண்டுகள், வாட்ஸ்அப், பேங்க் கணக்கு எல்லாவற்றையும் பார்த்துத்தான் நிரப்பினேன், நினைவை நம்பவில்லை. இரண்டு தேதிக்கும் நடுவில் எங்கே இடைவெளி அதிகமோ, அந்த மூன்றைத்தான் வீடியோவுக்கு எடுத்தேன். தவறு எல்லாருக்கும் நடக்கும். தெரிந்த பிறகு எத்தனை நாள் சும்மா இருந்தேன் என்பதைத்தான் சொல்ல வாய் வரவில்லை.

முதல் இடைவெளி 47 நாள்.

வேலூர்க் கோட்டையில் இருந்து விரிஞ்சிபுரத்துக்கு ஒரு சுரங்கப்பாதை இருக்கிறது என்ற கதையைக் கேட்காமல் இங்கே யாரும் வளர்ந்திருக்க மாட்டார்கள். ராஜா குடும்பம் தப்பிக்க வெட்டியது, பன்னிரண்டு கிலோமீட்டர், குதிரையே போகலாம் என்று என் மாமா சொல்வார். உண்மையில் அப்படி ஒரு பாதைக்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. கோட்டையைப் பற்றி நான் போட்ட இருபது நிமிட வீடியோவில் இதை ஒழுங்காகத்தான் சொல்லியிருந்தேன்: "இங்க இருந்து விரிஞ்சிபுரம் வரைக்கும் ஒரு சுரங்கம் போகுதுன்னு சொல்வாங்க."

அதில் இருந்து ஷார்ட்ஸ் வெட்டினேன். வேகம் வேண்டும் என்று ஒவ்வொரு வாக்கியத்தின் வாலையும் நறுக்கிக்கொண்டே போனேன். நம் மொழியில் சந்தேகம் வாக்கியத்தின் கடைசியில்தான் உட்கார்ந்திருக்கிறது. "போகுதுன்னு சொல்வாங்க" என்பதில் கடைசி முக்கால் விநாடியை வெட்டினால் மிச்சம் "போகுது". திரையில் அலைக்கோட்டைப் பார்த்து வெட்டுகிறவனுக்கு அது வெறும் வால். கேட்கிறவருக்கு அதுதான் விஷயம்.

அந்த ஷார்ட்ஸ் நான்கு லட்சத்தைத் தாண்டியது. (ஷார்ட்ஸில் ஓடத் தொடங்கினாலே ஒரு பார்வை என்று 2025 மார்ச் கடைசியில் இருந்து எண்ணுகிறார்கள். நான்கு லட்சம் பேர் உட்கார்ந்து பார்த்தார்கள் என்று நானும் நம்பவில்லை, நீங்களும் நம்ப வேண்டாம்.) நான்காம் நாள் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கமெண்ட் போட்டார். "தம்பி, கோட்டையைச் சுற்றி அகழி. அதற்கு அடியில் பாதை போனால் தண்ணீர் ஊறாதா? உனக்கு யார் சொன்னது?" எனக்கு யார் சொன்னது? மாமா. அவருக்கு? அங்கே நூல் அறுந்துவிட்டது.

பதில் எழுதவில்லை. அந்த வாரம் தினமும் இருநூறு பேர் புதிதாக வந்துகொண்டிருந்தார்கள். அலை ஓயட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். 47 நாள் கழித்து, அது ஓய்ந்த பிறகு, திருத்த வீடியோ போட்டேன். அதைப் பார்த்தவர்கள் ஆறாயிரம் பேர். தவறைப் பார்த்தவர்களிடம் திருத்தத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க நம் கையில் வழி கிடையாது. ஏற்றிய வீடியோவை அதே முகவரியில் புதிதாக மாற்ற யூடியூப் விடாது. நீளமான வீடியோ என்றால் குறிப்புப் பெட்டியில் `Correction:` என்று ஆங்கிலத்திலேயே போட்டு, அடுத்த வரியில் நிமிடத்தையும் விளக்கத்தையும் எழுதினால், அந்த இடம் வரும்போது மூலையில் ஒரு அட்டை தெரியும். தமிழில் "திருத்தம்" என்று எழுதினால் அது பிடித்துக்கொள்ளாது. ஆனால் ஷார்ட்ஸ் பார்க்கிறவர் குறிப்புப் பெட்டியைத் திறப்பதே இல்லை. அங்கே மேலே பின் செய்த கமெண்டும், மாற்றிய தலைப்பும்தான் ஓரளவு உதவும். அலை மேலே போகும்போதே இவற்றைச் செய்திருந்தால் பாதிப்பேருக்காவது போயிருக்கும். நான் செய்தது கூட்டம் கலைந்த பிறகு மைக்கைப் பிடித்தது.

இதை ஆண்டுக்கடைசி வீடியோவில் சொல்லும்போது இன்னொரு குழி இருக்கிறது. முதல் வெட்டில் பழைய ஷார்ட்ஸை அப்படியே ஓடவிட்டு, பிறகு "இது தப்பு" என்று சொல்லியிருந்தேன். என் தங்கைதான் கேட்டாள்: "அண்ணா, யாராவது முன்பாதியை மட்டும் வெட்டி ஸ்டேட்டஸ் வெச்சா?" சரியான கேள்வி. மாற்றினேன். முதலில் உண்மையைச் சொல்கிறேன், பிறகு பழைய துண்டு, மறுபடி உண்மை. பழைய துண்டு ஓடும் நேரம் முழுக்கக் குறுக்கே "இது தவறான தகவல்" என்ற பட்டை, ஓரத்தில் இல்லை, நடுவில். எந்த இடத்தில் வெட்டினாலும் பட்டையும் சேர்ந்தே போகும்.

இரண்டாவது, ஐந்து மாதம். இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் நுணுக்கம் ஒன்றும் இல்லை, வெறும் பொய். நெடுஞ்சாலை ஓரம் ஒரு பிரியாணிக் கடை. பெயர் வேண்டாம். எட்டாயிரம் ரூபாய் ஜிபேயில் வந்தது, நான்கு பேருக்குச் சாப்பாடு. "சும்மா ஊர் சுத்தும்போது கண்டுபிடிச்ச கடை" என்று ஆரம்பித்தேன். அன்றைக்குச் சீரக சம்பா குழைந்திருந்தது. முதல் டேக்கில் என் முகத்திலேயே தெரிந்துவிட்டது என்பதால் இரண்டாவது டேக் எடுத்தோம். கத்தரிக்காய் மட்டும் நன்றாக இருந்தது. அதை மூன்று தரம் புகழ்ந்திருக்கிறேன், வீடியோவைப் போய்ப் பாருங்கள். பிறகு குடியாத்தத்தில் இருந்து ஒருவர் எழுதினார்: பிள்ளைகளோடு பஸ் ஏறிப் போனோம் அண்ணா, நீங்க சாப்பிட்டது வேற பிரியாணி போல.

இங்கே தெரிந்த தேதி முதல் நாளே. நமக்குள் பலர் நினைப்பது போல, காசு வாங்கினால்தான் சொல்ல வேண்டும் என்பது இல்லை. ஓசிச் சாப்பாடு, தள்ளுபடி, அறை வாடகை எதுவானாலும் சொல்ல வேண்டும் என்றுதான் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டியில் இருக்கிறது. குறிப்புப் பெட்டியில் மட்டும் போட்டால் போதாது, வீடியோவுக்குள்ளேயே, பேச்சிலும் எழுத்திலும் வர வேண்டும். யூடியூபில் வீடியோவை ஏற்றும்போது காசு வாங்கிய விளம்பரம் என்ற கட்டத்தை டிக் செய்தால் வருகிற "Includes paid promotion" தொடக்கத்தில் சில விநாடி நின்று மறைந்துவிடும். குடியாத்தத்து அண்ணனுக்கு அது போதாது. இப்போது நான் கடை வாசலில் நின்று முதல் வாக்கியமாகச் சொல்கிறேன்: "இந்த வீடியோவுக்கு இந்தக் கடை எனக்குக் காசு கொடுத்திருக்கு." மூன்று கடைக்காரர்கள் அதற்கப்புறம் போனை எடுக்கவில்லை. வருமானம் குறைந்தது, அது உண்மை.

மூன்றாவது ஒன்பது நாள்தான். ஆனால் நோட்டில் அதை எழுதத்தான் அதிக நேரம் பிடித்தது.

இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதைப் பற்றி ஒரு வீடியோ எடுக்கப் போனேன். ஒரு ஆயா காம்பைப் பிடிக்காமல் லாகவமாகக் காயைத் திருகிப் பறித்துக் காட்டினார். நான் பறித்தபோது முள் விரலில் ஏறியது. ஆயா சிரித்தார். வாயில் பல் குறைவு. அந்தச் சிரிப்பைத்தான் தம்நெயிலாக வைத்தேன். எடுக்கலாமா என்று கேட்டேன், எடு கண்ணு என்றார். அவரிடம் போன் கிடையாது. எதற்குச் சம்மதிக்கிறோம் என்று அவருக்குத் தெரிய வாய்ப்பே இல்லை. பார்க்கப்போவது வயலில் நிற்கிற இந்த ஒரு பையன்தான் என்று நினைத்துச் சொன்ன சம்மதம் அது.

கமெண்டில் அவர் பல்லையும் பேச்சையும் வைத்துக் கேலி தொடங்கியது. பார்த்தேன். நீக்கவில்லை, ஏனென்றால் சண்டை நடக்கிற இடத்தில் கூட்டம் சேர்கிறது, கமெண்ட் எண்ணிக்கை ஏறுகிறது. எல்லாக் கமெண்டையும் நான் பார்த்த பிறகே வெளியிடும்படி வைக்க ஒரு நிமிடம் ஆகாது. ஒன்பதாம் நாள் காலேஜ் படிக்கும் பேரன் கூப்பிட்டான். திட்டவில்லை. "அண்ணா, ஆயாவைப் பாத்து சிரிக்கிறாங்க அண்ணா. கிளாஸ்லயும் காட்டுறாங்க" என்றான். அன்றைக்கு வீடியோவை நீக்கிவிட்டேன்.

இப்போது இதை ஆண்டுக்கடைசி வீடியோவில் எப்படிச் சொல்வது? பழைய காட்சியைக் காட்டினால் அவரை மறுபடி அதே இடத்தில் நிறுத்துகிறேன். முகத்தை மங்கலாக்கினால் குரல் இருக்கிறது, தோட்டம் இருக்கிறது, ஊரில் எல்லாருக்கும் தெரியும். சொல்லாமல் விட்டால் நோட்டுக்கு என்ன அர்த்தம்? நாம் மன்னிப்புக் கேட்கிற வீடியோக்களில் பாதி, கேட்கப்படுகிறவரை மறுபடி பயன்படுத்துவதுதான். கண்ணீர் நம்முடையது, முகம் அவருடையது.

டிசம்பரில் நேரில் போனேன். இந்தத் தடவை போனில் யூடியூபைத் திறந்து, வேறு ஒரு வீடியோவையும் அதன் கீழே இருந்த கமெண்டுகளையும் காட்டி, பேரனைப் பக்கத்தில் உட்காரவைத்துப் படித்துக் காட்டச் சொன்னேன். "இதுல உங்களப் பத்திச் சொல்லலாமா ஆயா? மூஞ்சி வேணாம், பேரு வேணாம்." ஆயா கொஞ்ச நேரம் கமெண்டுகள் நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இம்மாம் பேரு வேல வெட்டி இல்லாம இருக்குதுங்களா" என்றார். அப்புறம், "எம்மூஞ்சி எதுக்கு, காயக் காட்டு. ரெண்டு பேரு வாங்குவாங்க."

11 நிமிட வீடியோவில் கடைசி ஐம்பது விநாடி அதுதான். ஒரு கூடை கத்தரிக்காய், காம்பில் முள், என் குரல். இசை வைக்கவில்லை.

அன்புடன்,
காட்பாடியில் இருந்து உங்களில் ஒருவன்