ஏற வேண்டியது ஏறவில்லை, ஏறக் கூடாதது ஏறியது: பொது மருத்துவ வார்டுகளுக்கு ஒரு திறந்த மடல்

பொது மருத்துவ வார்டுகளில் பணியாற்றும் பயிற்சி மருத்துவர்களுக்கும், முதுநிலை மாணவர்களுக்கும், செவிலியர்களுக்கும், உணவியலாளர்களுக்கும் வணக்கம்.

சோடியம், பொட்டாசியம், மெக்னீசியம் ஆகிய மூன்றும் குறைந்த நிலையில், உடல் மெலிந்து வரும் நோயாளிகளைப் பற்றி இம்மடலை எழுதுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் நான் பொறுப்பில் இருந்த ஒரு வார்டில் நடந்ததைச் சொன்னால்தான் என் கோரிக்கை விளங்கும். அந்தக் கேஸ் ஷீட்டில் என் கையெழுத்தும் இருக்கிறது.

அவர் 56 வயதுப் பெண்மணி, தனியாக வசித்துவந்த விவசாயத் தொழிலாளி. எடை 36 கிலோ, உயரம் 152 செ.மீ., உடல் நிறை குறியீடு 15.6. பற்கள் விழுந்துவிட்டதால் ஆறு வாரங்களாகக் கஞ்சித் தண்ணீரும் டீயும்தான் உணவு. கடைசி இரண்டு வாரங்களாக வயிற்றுப்போக்கு. நெஞ்செரிச்சலுக்காக எழுதிக் கொடுக்கப்பட்ட பேன்டோப்ரசோல் மாத்திரையை ஓராண்டுக்கும் மேலாகத் தினமும் விழுங்கிவந்திருக்கிறார். இரவு 10 மணிக்கு எடுத்த இரத்தத்தில் சோடியம் 119, பொட்டாசியம் 2.3 மில்லிமோல், கிரியேட்டினின் சரியாகவே இருந்தது. இ.சி.ஜி.யில் யு அலைகள் தெரிந்தன. மெக்னீசியம் கேட்கப்படவில்லை, ஏனெனில் வழக்கமான எலக்ட்ரோலைட் பரிசோதனையில் அது வருவதில்லை. தனியாக எழுதினால்தான் ஆய்வகம் பார்க்கும்.

அன்றிரவு 500 மில்லி நார்மல் சலைன் பாட்டில் ஒவ்வொன்றிலும் 20 மில்லிமோல் பொட்டாசியம் குளோரைடு சேர்த்து, மூன்று பாட்டில்களை மெதுவாக ஏற்றும்படி எழுதப்பட்டது. மணிக்கு 10 மில்லிமோலுக்கு மிகாத வேகம், டெக்ஸ்ட்ரோஸில் கலக்காமல் சலைனில் கலந்தது ஆகிய இரண்டும் சரியே. டெக்ஸ்ட்ரோஸ் இன்சுலினைச் சுரக்கச் செய்து, நாம் ஏற்ற நினைக்கும் பொட்டாசியத்தையே செல்லுக்குள் தள்ளிவிடும். காலையில் பொட்டாசியம் 2.5 மட்டுமே இருந்தது. 'பொட்டாசியம் 60 மில்லிமோல் கொடுக்கப்பட்டது, போதிய ஏற்றம் இல்லை' என்று எழுதிவிட்டு, அன்றைய அளவை 80 ஆக உயர்த்தினோம்.

உண்மையில் 60 மில்லிமோல் உள்ளே போகவே இல்லை. பொட்டாசியம் நரம்பை எரிக்கும் என்பது உங்கள் அனைவருக்கும் தெரியும். அதிகாலையில் கை வீங்கி, அவர் வலியில் அழுததால், மூன்றாம் பாட்டிலைப் பாதிக்கு மேல் மீதம் இருக்கும்போதே செவிலியர் கழற்றியிருக்கிறார். செவிலியர் குறிப்பில் 'ஐ.வி. லைன் மாற்றப்பட்டது' என்ற ஒரு வரி இருந்தது. மருந்துத் தாளிலோ மூன்று பாட்டில்களுக்கும் டிக் போடப்பட்டிருந்தது. நாங்கள் படித்தது மருந்துத் தாளை மட்டும்தான். இதில் அந்தச் செவிலியரின் தவறு எதுவும் இல்லை. எழுதிய அளவு, போன அளவு என்று இரண்டு கட்டங்கள் அந்தத் தாளில் இல்லாததே தவறு.

அதைவிடப் பெரிய காரணம் மெக்னீசியம். சிறுநீரகக் குழாய்ச் செல்களில் பொட்டாசியம் வெளியேறும் வாசல்களை உள்ளிருந்து ஓரளவு அடைத்து வைத்திருப்பது மெக்னீசியம்தான். அது குறையும்போது வாசல் திறந்தே கிடக்கும். நாம் ஏற்றும் பொட்டாசியத்தில் பெரும்பகுதி சிறுநீரில் போய்விடும். இரண்டாம் நாள் மாலை கேட்டுப் பார்த்தபோது மெக்னீசியம் டெசிலிட்டருக்கு 0.9 மில்லிகிராம், குறைந்தது 1.7 ஆவது இருக்க வேண்டும். உணவில் மெக்னீசியம் இல்லை, வயிற்றுப்போக்கில் இழப்பு, அதன்மேல் நீண்ட நாள் பேன்டோப்ரசோல். அந்த மாத்திரை குடலில் மெக்னீசியம் உறிஞ்சப்படுவதைக் கெடுக்கும் என்பது தெரிந்திருந்தும், சேர்த்த அன்று நாங்களும் வழக்கம்போல அதையே ஊசியாக எழுதியிருந்தோம்.

இப்போது சோடியத்துக்கு வருகிறேன், ஏனெனில் உண்மையான ஆபத்து அங்குதான் காத்திருந்தது. நெடுநாள் குறைந்திருந்த சோடியத்தை வேகமாக ஏற்றினால் மூளைத் தண்டின் நரம்புறை சிதைந்து, சில நாள் கழித்துப் பேச்சும் கை கால் அசைவும் முடங்கக்கூடும். ஊட்டக்குறைவும் பொட்டாசியக் குறைவும் உள்ளவர்களுக்கு அந்த ஆபத்து கூடுதல் என்பதால், 24 மணி நேரத்தில் 8 மில்லிமோலுக்கு மேல் ஏறக் கூடாது என்பதே நாம் வைத்துக்கொள்ள வேண்டிய எல்லை. அவர் கணக்கில் அடுத்த இரவு 10 மணிக்கு 127ஐத் தாண்டியிருக்கக் கூடாது. தாண்டி 130 ஆகிவிட்டது.

எப்படி ஏறியது என்று பின்னர் உட்கார்ந்து கணக்கிட்டோம். உடலுக்குள் போகும் பொட்டாசியம் செல்லுக்குள் நுழையும்போது சோடியம் வெளியே வருகிறது. ஆகவே பொட்டாசியம் ஏற்றுவதும் சோடியம் ஏற்றுவதற்குச் சமம். 36 கிலோ எடையுள்ள அவர் உடலில் நீர் ஏறத்தாழ 18 லிட்டர்தான். 60 மில்லிமோல் பொட்டாசியம் முழுவதும் உடலில் தங்கினால் அதுவே சோடியத்தை மூன்றுக்கு மேல் உயர்த்தும். 70 கிலோ ஆளிடம் அதே அளவு ஒன்றரைதான் உயர்த்தும். நார்மல் சலைனில் லிட்டருக்கு 154 மில்லிமோல் சோடியம் இருக்கிறது. அதில் 40 பொட்டாசியம் சேர்த்தால் சாதாரண சலைனைவிடச் செறிவான திரவத்தை ஏற்றுகிறோம் என்று பொருள். சோடியத்தை உயர்த்த வேறு எதுவும் எழுதாதபோதே நாங்கள் அதை உயர்த்திக்கொண்டிருந்தோம்.

இன்னொன்றும் நடந்தது. உப்பும் புரதமும் இல்லாத கஞ்சியில் வாழ்ந்தவரின் சிறுநீரகத்துக்கு, நீரை வெளியேற்றத் தேவையான கரைபொருள் கிடைக்காது. வயிற்றுப்போக்கில் உடல் வறண்டதும் நீரைப் பிடித்து வைக்கும் ஹார்மோன் வேறு சுரந்துகொண்டிருக்கும். சலைன் ஏறியதும் இரண்டு தடைகளும் நீங்கி, தேங்கிய நீர் ஒரேயடியாக வெளியேறும். அந்தப் பிற்பகல் 2 மணி முதல் 6 மணி வரை 1,100 மில்லி சிறுநீர் போயிருந்தது. இன்டேக்-அவுட்புட் தாளில் அந்த எண் நீல மையில் தெளிவாக எழுதப்பட்டிருந்தது. 'நன்றாகச் சிறுநீர் போகிறது' என்று மகிழ்ந்தோமே தவிர, உடனே சோடியம் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. மணிக்கு 100 மில்லிக்கு மேல் வெளிறிய சிறுநீர் போகத் தொடங்கினால் அடுத்த மாதிரிக்கு நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

அன்றிரவு டெஸ்மோப்ரெசினும் ஐந்து சதவீத டெக்ஸ்ட்ரோஸும் கொடுத்துச் சோடியத்தை 126க்கு இறக்கினோம். அதற்கு முன் தயமின் ஊசி போட்டோம். அந்த டெக்ஸ்ட்ரோஸ் பொட்டாசியத்தை மறுபடியும் 2.3க்கு இழுத்தது. பிறகுதான் மெக்னீசியம் சல்பேட் 4 கிராம், அதாவது 16 மில்லிமோல், சலைனில் 12 மணி நேரத்துக்கு மெதுவாக ஏற்றப்பட்டது. வேகமாக ஏற்றினால் பெரும்பகுதி சிறுநீரில் போய்விடும். மெதுவாக ஏற்றினால்தான் தங்கும். முழங்கால் அனிச்சை, மூச்சு வேகம், சிறுநீர் அளவு ஆகிய மூன்றையும் செவிலியர் பார்த்து எழுதினார். பொட்டாசியத்தின் பெரும்பகுதியைச் சிரப்பாக வாய்வழி கொடுத்தோம். மெக்னீசியம் தொடங்கிய மறுநாள் பொட்டாசியம் 3.1, அதற்கு அடுத்த நாள் 3.6. முதல் நாள் ஏற முரண்டு பிடித்தது இதே பொட்டாசியம்தான்.

உணவுத் தாளிலும் இதே இடைவெளி இருந்தது. பட்டினி கிடந்த உடலுக்குத் திடீரென மாவுச்சத்து கிடைத்தால் இன்சுலின் எழும்பி, பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் மூன்றையும் செல்லுக்குள் இழுக்கும். ஆகவே கிலோவுக்கு 10 கிலோகலோரி, அவருக்கு நாளுக்கு 360 என்று தொடங்கி, ஏறத்தாழ ஒரு வாரத்தில் முழு அளவுக்குக் கொண்டுவருவது என்று முடிவு செய்திருந்தோம். ஐந்தாம் நாள் பொட்டாசியம் 3.0, பாஸ்பரஸ் 1.6. உணவுத் தாளில் 'மென் உணவு' என்ற இரண்டே சொற்கள் இருந்தன. பக்கத்துப் படுக்கைக்காரரிடம் விசாரித்தபோதுதான், பார்க்க வந்த உறவினர்கள் குளுக்கோஸ் பவுடரும் பழச்சாறும் வாங்கி வந்து, 'தெம்பு வரட்டும்' என்று இரண்டு நாளாகக் கரைத்துக் கொடுத்தது தெரிந்தது. அன்பினால் செய்தார்கள், அது கூடாது என்று நாங்கள்தான் அவர்களிடம் சொல்லவில்லை.

இளநீரைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் நாமே அதைப் பரிந்துரைக்கிறோம். 200 மில்லி இளநீரில் தோராயமாக 10 மில்லிமோல் பொட்டாசியம் உண்டு. சோடியம் மிகக் குறைவு. சோடியம் 120இல் இருப்பவருக்கு நாளைக்கு நான்கைந்து இளநீர் கொடுப்பது நீரையும் சேர்த்து ஊற்றுவதாகும். அவருக்கு உப்பிட்ட கேழ்வரகுக் கஞ்சி, குழைய வேகவைத்த பாசிப்பருப்பு, பால், அவித்த முட்டை, மசித்த வாழைப்பழம் என்று சிறுசிறு அளவாக ஆறு வேளையாக மாற்றினோம். கீரையையும் காயையும் வேகவைத்த நீரைக் கொட்டிவிட வேண்டாம் என்று மகளிடம் சொன்னோம், ஏனெனில் பொட்டாசியம் அந்த நீரில்தான் இறங்கியிருக்கும்.

என் கோரிக்கை இதுதான். மெலிந்த நோயாளியிடம் பொட்டாசியம் குறைந்திருந்தால், அதே இரத்த மாதிரியிலேயே மெக்னீசியமும் பாஸ்பரஸும் கேளுங்கள். டிரிப் ஓடும் கையில் இரத்தம் எடுக்காதீர்கள். திரவம் கலந்தால் எண்கள் பொய் சொல்லும். பிறகு கேஸ் ஷீட்டில் ஒரே இடத்தில் இப்படி எழுதுங்கள்:

'இரவு 10 மணி மாதிரி: சோடியம் 119, பொட்டாசியம் 2.3, மெக்னீசியம் 0.9. நாளை இரவு 10 மணிக்குச் சோடியம் 127ஐத் தாண்டக் கூடாது. பொட்டாசியம் எழுதியது 60, போனது 48. மூன்றாம் பாட்டில் 200 மில்லியோடு நிறுத்தம், கை வீக்கம். அடுத்த மாதிரி அதிகாலை 4 மணி. உணவு: அரை டம்ளர் கஞ்சி, கால் வாழைப்பழம். வெளி உணவு: இல்லை, மகளிடம் கேட்டது.'

உணவியலாளர்களே, பரிந்துரைத்த கலோரிக்குப் பக்கத்தில் உண்டதை டம்ளர் கணக்கில் எழுதுங்கள். அந்தத் தாளை மருத்துவர்கள் ரவுண்ட்ஸில் படிக்க வேண்டும் என்பதை நான் அவர்களிடமும் கேட்டுக்கொள்கிறேன்.

அவர் பதினைந்தாம் நாள், பேச்சிலும் நடையிலும் குறையின்றி வீடு திரும்பினார். டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் 'எலக்ட்ரோலைட் சரிசெய்யப்பட்டது' என்று எழுதியிருந்த வரியை அடித்துவிட்டு, பேன்டோப்ரசோல் நிறுத்தப்பட்டதையும் அதற்கான காரணத்தையும், பொட்டாசியம் சிரப் எந்தத் தேதியோடு நிற்க வேண்டும் என்பதையும், ஒரு வாரத்தில் மூன்று எண்களையும் மீண்டும் பார்க்க வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுத்தோம். ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்தச் சுருக்கத்தைப் படித்த மருத்துவர், நெஞ்செரிச்சல் என்று அவர் மறுபடி போய் நின்றபோது, பேன்டோப்ரசோலை எழுதவில்லை.

அன்புடன்,
ஒரு பொது மருத்துவர்