ஒரே படம், ஒரே அரங்கு, 46 வெள்ளி வித்தியாசம்

வணக்கம்.

போன சனிக்கிழமை இரவு எங்கள் கவுண்டருக்கு ஓர் அக்கா வந்து கைப்பேசியை நீட்டினார். "தம்பி, நாங்க நாலு பேருக்கு 86 வெள்ளி கட்டியிருக்கோம். எங்க பக்கத்து வீட்டுக்காரங்க புதன்கிழமை இதே படத்தை இதே ஹால்ல 40 வெள்ளிக்குப் பார்த்துட்டு வந்திருக்காங்க. என்ன கணக்கு இது?" பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது, படம் தொடங்க ஐந்து நிமிடம்தான் இருந்தது, அதனால் "சனிக்கிழமை விலை அக்கா" என்று மட்டும் சொல்லி உள்ளே அனுப்பிவிட்டோம். அது பதிலே இல்லை என்று எங்களுக்கே தெரியும். அவருக்கும், இதே கேள்வியை மனசுக்குள் வைத்துக்கொண்டு பேசாமல் பணம் கட்டிவிட்டுப் போகும் மற்ற எல்லாருக்கும் இந்த மடல்.

முதலில் அந்த 46 வெள்ளியைப் பிரித்துப் பார்ப்போம். புதன்கிழமை எங்களிடம் எந்தக் காட்சியானாலும் டிக்கெட் 10 வெள்ளி, சனிக்கிழமை இரவு 18. ஆளுக்கு 8 வீதம் நாலு பேருக்கு 32 வெள்ளி. அக்கா எடுத்தது நடுவரிசை, அதற்கு ஆளுக்கு 2 வெள்ளி கூடுதல், ஆக 8. இணையத்தில் எடுத்ததால் புக்கிங் கட்டணம் டிக்கெட்டுக்கு ஒன்றரை வெள்ளி வீதம் 6. மூன்றையும் கூட்டினால் 46. பக்கத்து வீட்டுக்காரர் கவுண்டரில் நேரில் வந்து வாங்கினார், சாதா வரிசையில் உட்கார்ந்தார்.

இந்த மூன்றில் பெரியது நாளும் நேரமும். ஜார்ஜ்டவுனில் எங்களைப் போல இரண்டே ஹால் வைத்திருப்பவருக்கு, 5 பேர் உட்கார்ந்து பார்த்தாலும் 150 பேர் பார்த்தாலும் ஏர்கோன் அதே வேகத்தில் ஓட வேண்டும், புரொஜெக்டர் அதே நேரம் எரிய வேண்டும், கதவில் ஆள் நிற்க வேண்டும். காலியாகப் போன இருக்கையை எடுத்து வைத்து நாளைக்கு விற்க முடியாது, மார்க்கெட்டில் மீதமான மீனையாவது ஐஸில் போடலாம். புதன்கிழமை பிற்பகல் வேலைக்குப் போகிறவர்கள் வரமாட்டார்கள். விலையைக் குறைத்தால் ஓய்வுபெற்றவர்கள், மாணவர்கள், ஷிப்ட் முடித்தவர்கள் வருகிறார்கள். சனிக்கிழமை இரவு விலையைக் குறைத்தாலும் ஹாலில் இருக்கும் இடம் அவ்வளவுதான், குறைக்காவிட்டாலும் நிறைகிறது. ஒளித்து என்ன பயன், அந்த 18 வெள்ளிதான் புதன்கிழமையின் 10 வெள்ளியைத் தாங்குகிறது.

வார இறுதி என்று நாங்கள் சொல்வது வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்கே தொடங்கிவிடும். பொது விடுமுறையும் அதற்கு முந்தின நாள் மாலையும் அதே விலைதான். தைப்பூசத்துக்கு முந்தின மாலை வந்து "இன்னிக்கு வேலை நாள்தானே" என்று கேட்பவர்கள் வருஷா வருஷம் உண்டு.

இன்னொரு தகராறு நள்ளிரவுக் காட்சியில் வரும். சனிக்கிழமை இரவு 12.15 காட்சி நாள்காட்டிப்படி ஞாயிற்றுக்கிழமை. விலையோ சனிக்கிழமை இரவு விலை. விலையை விட மோசம், ஞாயிறு என்று டிக்கெட்டில் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை இரவு சாப்பிட்டு முடித்துப் பொறுமையாக வந்து நிற்பவர்கள். அவர்கள் படம் அன்று விடியற்காலையிலேயே முடிந்திருக்கும். இப்போது அந்தக் காட்சிகளுக்கு மட்டும் டிக்கெட்டில் "சனி இரவு" என்றும் அச்சிடுகிறோம்.

சிலர் கேட்கிறார்கள், புதுப்படத்துக்கு முதல் புதன்கிழமை ஏன் சலுகை இல்லை என்று. அது எங்கள் கையில் இல்லை. இங்கே புதுப்படங்கள் பெரும்பாலும் வியாழக்கிழமை வெளியாகின்றன. டிக்கெட் விலையில் மாநிலத்தின் பொழுதுபோக்கு வரி போக, மிஞ்சுவதை விநியோகஸ்தரும் நாங்களும் விகிதப்படி பிரித்துக்கொள்கிறோம். படம் புதிதாக இருக்கும்போது அவர் பங்கு பாதிக்கோ அதற்கு மேலோ இருக்கும், நாளாக ஆக இறங்கும். பங்கு விகிதத்தில் என்பதால் நாங்கள் விலையைக் குறைத்தால் அவர் பணமும் குறைகிறது. அதனால் பெரிய படங்களுக்கு இன்ன விலைக்குக் கீழே விற்கக்கூடாது, முதல் இரண்டு வாரம் இலவச டிக்கெட்டும் வவுச்சரும் செல்லாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதி அனுப்பிவிடுவார்கள். அக்காவின் பக்கத்து வீட்டுக்காரர் மூன்றாவது வாரம் வரும்வரை பொறுத்திருந்தவர் போல, அதற்குள் சலுகை திறந்துவிட்டது.

இருக்கை விலைக்கு வருவோம். நடுவரிசைக்கு 2 வெள்ளி ஏன்? ஹாலில் ஒலியைச் சரிபார்க்கும்போது மைக்கை வைக்கும் இடம், திரையிலிருந்து பின்சுவர் வரை உள்ள தூரத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கில் இருக்கும். ஒவ்வொரு ஒலிபெருக்கியின் அளவும் அந்த இடத்தில் கேட்பதை வைத்துத்தான் அமைகிறது. எங்கள் பெரிய ஹாலில் அது G, H வரிசை. அங்கே உட்கார்ந்தால் வசனம் திரையிலிருந்தும், மழைச் சத்தம் சுற்றியிருந்தும் சரியான அளவில் வரும். பின்சுவரை ஒட்டி உட்கார்ந்தால் பின் ஒலிபெருக்கி காதோரம் கத்தும், பக்கச்சுவரை ஒட்டினாலும் அப்படித்தான். முன்வரிசையில் வேறு பிரச்சினை: திரையின் மேல்விளிம்பைப் பார்க்கக் கண் ஏறும் கோணம் 35 பாகைக்கு மேல் போனால் கழுத்து வலிக்கத் தொடங்கும் என்பது இந்தத் தொழிலில் எல்லாரும் வைத்திருக்கும் அளவு. எங்கள் A வரிசை அதைத் தாண்டுகிறது. அதனால்தான் A வரிசையைக் கடைசியாகத்தான் விற்கிறோம், வார இறுதியிலும் 14 வெள்ளிதான்.

ஆனால் பின்னால் இருக்கும் ஜோடி இருக்கைதான் எல்லாவற்றையும் விட விலை அதிகம், அதை வைத்து அதுதான் நல்ல இடம் என்று நினைக்க வேண்டாம். மூன்று பேர் உட்காரும் அகலத்தில் இரண்டு பேரை உட்கார வைக்கிறோம், அந்தப் போன மூன்றாவது டிக்கெட்டின் விலைதான் அது. படத்துக்காக வருகிறவர் அங்கே போக வேண்டியதில்லை.

சரி, இப்போது புக்கிங் கட்டணம். இதில்தான் எங்கள் பக்கமும் தப்பு இருக்கிறது.

நீங்கள் இணையத்தில் வாங்கும்போது எங்களுக்கு இரண்டு செலவு வருகிறது. ஒன்று, பணத்தைக் கடத்தும் நிறுவனத்துக்கு. வங்கிக் கணக்கிலிருந்து எஃப்பிஎக்ஸ் வழியாகக் கட்டினால் எங்கள் ஒப்பந்தப்படி ஒரு பரிவர்த்தனைக்கு 1 வெள்ளி. நீங்கள் ஒரு டிக்கெட் எடுத்தாலும் பத்து எடுத்தாலும் அதே 1 வெள்ளிதான். கார்டு என்றால் தொகையில் விழுக்காடு போகும். இன்னொன்று, இருக்கை வரைபடமும் டிக்கெட்டும் ஓடும் மென்பொருள்காரருக்கு, அவர் இருக்கை ஒன்றுக்கு 50 காசு எடுக்கிறார். தனி ஆளாக ஒரு டிக்கெட் எடுத்தால் 1 வெள்ளியும் 50 காசும் சேர்ந்து ஒன்றரை வெள்ளி. கட்டணத்தை நிர்ணயித்தபோது இந்த ஒரு டிக்கெட் கணக்கைத்தான் போட்டோம், பிறகு எல்லா டிக்கெட்டுக்கும் அதையே வைத்துவிட்டோம்.

அந்த அக்கா வங்கிக் கணக்கிலிருந்து கட்டினார். நாலு டிக்கெட்டுக்கு எங்கள் உண்மைச் செலவு: பரிவர்த்தனைக்கு 1, இருக்கைகளுக்கு 2, மொத்தம் 3 வெள்ளி. வாங்கியது 6. மிச்சம் 3 வெள்ளி எங்கள் பையில். அதோடு, டிக்கெட் விலையில் விநியோகஸ்தர் பங்கு கேட்பார், புக்கிங் கட்டணத்தில் கேட்கமாட்டார். ஊரெங்கும் திரையரங்குகள் விலையை ஏற்றத் தயங்கினாலும் இந்தக் கட்டணத்தை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். நாங்களும் அப்படியே இருந்துவிட்டோம், யாரும் கேட்காததால்.

அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து மாற்றுகிறோம். ஓர் ஆர்டருக்கு 1 வெள்ளி, அதில் உள்ள ஒவ்வொரு இருக்கைக்கும் 50 காசு. தனியாக வருபவருக்கு அதே ஒன்றரை வெள்ளி. நாலு பேருக்கு 3. கூட்டாளிகளோடு வந்தால் ஆளுக்கொரு கைப்பேசியில் தனித்தனியாக எடுக்காதீர்கள், ஒருவரே எடுத்துவிட்டு மற்றவர்களிடம் காசு வாங்கிக்கொள்ளுங்கள். நாலு பேர் தனித்தனியாக எடுத்தால் பழையபடி 6 வெள்ளி ஆகிவிடும். கார்டில் கட்டுபவர்களுக்கும் இதே கட்டணம்தான், பெரிய தொகை என்றால் அங்கே எங்களுக்குக் கொஞ்சம் கை நட்டம். கவுண்டரில் எப்போதும்போல எந்தக் கட்டணமும் இல்லை.

காட்சியை நாங்கள் ரத்து செய்தால் புக்கிங் கட்டணத்தோடு சேர்த்து முழுப் பணமும் திரும்ப வரும். பணம் கடத்தும் நிறுவனம் தன் 1 வெள்ளியைத் திருப்பித் தராது, அது எங்கள் செலவு. நீங்களாக மனம் மாறினால் அப்படி முடியாது; காட்சிக்கு 4 மணி நேரம் முன்பு சொன்னால் டிக்கெட்டை வேறு நாளுக்கு மாற்றித் தருகிறோம்.

கடைசியாக ஒன்று, இதில் பணத்தை இழந்தவர்கள் இருக்கிறார்கள். இருக்கையைத் தேர்ந்தெடுத்ததும் அது உங்கள் பெயரில் 8 நிமிடம்தான் நிற்கும். வங்கிப் பக்கத்தில் கடவுச்சொல் மறந்து, அனுமதி கேட்டு வரும் செய்தியைத் தேடிக்கொண்டிருந்தால் அந்த 8 நிமிடம் தாண்டிவிடும். அப்போது வங்கியில் பணம் கழிந்திருக்கும், இருக்கை வேறு யாருக்கோ திறந்திருக்கும், திரையில் வெறும் பிழைச் செய்திதான் வரும். உடனே இன்னொரு முறை கட்டாதீர்கள். இருக்கை எண்ணோடு மின்னஞ்சல் வந்திருக்கிறதா பாருங்கள். வராவிட்டால் டிக்கெட் இல்லை என்று அர்த்தம், பணம் மட்டும் நடுவில் நிற்கிறது. வங்கிப் பதிவில் உள்ள பரிவர்த்தனை எண்ணைப் படம் பிடித்து கவுண்டரில் காட்டுங்கள். இடம் இருந்தால் அப்போதே உட்கார வைக்கிறோம், இல்லையென்றால் பணத்தைத் திருப்பிவிட அன்றே எழுதிவிடுகிறோம்.

அந்த அக்காவுக்கு: உங்கள் 3 வெள்ளி கவுண்டரில் உறையில் போட்டு வைத்திருக்கிறோம். கடந்த 30 நாளில் எஃப்பிஎக்ஸ் வழியாக ஒரே ஆர்டரில் ஒரு டிக்கெட்டுக்கு மேல் எடுத்த மற்றவர்களும் மின்னஞ்சலைக் காட்டி அதிகமாகப் போனதை வாங்கிக்கொள்ளலாம். கவுண்டர் காலை 10.30க்குத் திறக்கும்.