டல்லாஸ் அண்ணன் வீட்டுச் சாவியை வாங்குவதற்கு முன்னால்

அன்புள்ள தம்பிக்கு,

டல்லாஸ் அண்ணன் வீட்டைப் பார்த்துக்கொள்ள மாதம் எவ்வளவு கேட்கலாம் என்று நேற்று டீக்கடையில் நீ கேட்டதற்கு அங்கேயே சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை, சுற்றி நாலு பேர் இருந்தார்கள். "வீட்டைப் பார்த்துக்கோ, மாசம் எவ்வளவு வேணும்னு நீயே சொல்லு" என்று டல்லாஸிலிருந்து போன் வந்தது, நீ "பார்த்துக் கொடுங்கண்ணே" என்று சொல்லிவிட்டாய், இப்போது இரண்டு நாளாகத் தூக்கமில்லை. கும்பகோணம் பக்கத்தில் நான் இப்போது நாலு வீடு பார்க்கிறேன். உனக்கு வந்திருக்கும் குழப்பம் எனக்கும் வந்தது, நான் அதில் தப்பாக முடிவெடுத்தேன். அதைத்தான் முதலில் சொல்லப்போகிறேன்.

முதல் வீட்டுக்கு நான் காசே கேட்கவில்லை. தெரிந்த குடும்பம், கொல்லையில் பன்னிரண்டு தென்னை, "தேங்காயை நீங்களே எடுத்துக்குங்க, அது போதும்ல" என்றார்கள், நானும் சரி என்றேன். இரண்டு வருடம் கழித்து ஊருக்கு வந்தவர் முற்றத்தில் நின்றுகொண்டு மரத்தை அண்ணாந்து பார்த்து, "ஒரு மரம் வருஷத்துக்கு நூறு காய் போடுமாமே" என்று சாதாரணமாகக் கேட்டார். அந்த ஒரு கேள்வியில் நான் திருடன் ஆகிவிட்டேன். மரம் ஏறுகிறவருக்குக் கொடுத்த கூலி, வெயிலில் குரும்பை கொட்டினது, விலை விழுந்த மாதங்கள் எதையும் நான் எழுதி வைக்கவில்லை. அதே வருடம் பூஜையறை நிலையில் கரையான் ஏறியிருந்தது, அதற்கும் நான்தான் பொறுப்பு என்றார். யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதில் நியாயமும் இருந்தது. தேங்காய் பறிக்கிற நாளில் மட்டும்தான் நான் அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தேன். கூலி தேங்காயாக இருந்ததால் என் வேலையும் தேங்காய்க் கணக்கிலேயே நடந்திருக்கிறது.

அதனால் மாதக் கட்டணம் வாங்கு, பணமாக வாங்கு, அவர் கணக்கிலிருந்து உன் கணக்குக்கு வரட்டும், "வீட்டுப் பராமரிப்பு" என்று குறிப்புப் போடச் சொல். தென்னை இருந்தால் அது தனிக் கணக்கு, காய் விற்ற காசு அவருக்கு.

இப்படிச் செய்வது உன்னைவிட அவருக்குத்தான் பெரிய பாதுகாப்பு, இதை அவரிடமே சொல். வெளிநாட்டில் இருப்பவர்களுக்குப் பணத்தைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு, வாய் விட்டுச் சொல்ல மாட்டார்கள். பார்த்துக்கொள்ள விட்டவன் ஒருநாள் "இது என் அனுபவத்தில் இருக்கிறது" என்று நின்றுவிட்டால்? பன்னிரண்டு வருட அனுபோகம் இருந்தால் சொத்து அவனுக்கே போய்விடும் என்று ஊரில் எல்லோருக்கும் அரைகுறையாகத் தெரியும். 2012-ல் உச்ச நீதிமன்றம் கோவாவில் ஒரு வீட்டைப் பற்றி, உடன்பிறந்தவர்களுக்கு நடுவே நடந்த வழக்கில், பராமரிப்பாளரோ காவலாளோ வேலையாளோ எத்தனை வருடம் அங்கே இருந்தாலும் அந்தச் சொத்தில் அவருக்கு உரிமை வராது என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆனால் நீ பராமரிப்பாளர்தான் என்று காட்ட அவர் கையில் ஏதாவது இருக்க வேண்டும் இல்லையா? மாதாமாதம் கட்டணம் கொடுத்த பதிவைவிட நல்ல சாட்சி எது?

வயல் இருந்தால் இது இன்னும் முக்கியம். உன் டல்லாஸ் அண்ணனுக்கு வாய்க்கால் ஓரம் ஒரு மா நிலம் இருக்கிறதே, "அதில் நீயே உளுந்து போட்டு எடுத்துக்கோ, அதுதான் உன் சம்பளம்" என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதே. நீ பயிர் செய்து விளைச்சலை எடுத்தால் அது குத்தகையா, கூலியா என்ற கேள்வி ஒருநாள் வரும், தமிழ்நாட்டில் 1955-லிருந்து சாகுபடி செய்யும் குத்தகைதாரருக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. உனக்கு அந்த எண்ணமே இருக்காது, ஆனால் அவருடைய மச்சினன் அதைச் சொல்லிச் சொல்லியே உங்கள் இரண்டு பேரையும் பிரித்துவிடுவான்.

சரி, எவ்வளவு கேட்பது. டாலரை ரூபாயாக்கிப் பார்க்காதே. "அவருக்கு அது ஒரு வேளை ஹோட்டல் சாப்பாடு" என்று சொல்லித்தான் ஊரில் பாதிப் பேர் ஏற்றிக் கேட்கிறார்கள், அதே ஆட்கள் சொந்தக்காரர் வீடு என்றால் ஒன்றுமே கேட்க மாட்டார்கள். இரண்டும் கணக்கு இல்லை. வீட்டு மதிப்பில் இத்தனை சதவீதம் என்பதும் வேண்டாம், வீட்டு விலை ஏறினால் நீ கூட்டுகிற திண்ணையின் அளவு ஏறப்போவதில்லை. உன் நேரத்தை எண்ணு.

டல்லாஸ் வீட்டையே எடுத்துக்கொள்வோம். வாரம் ஒரு தடவை போக வேண்டும், ஒரு தடவைக்கு இரண்டு மணி நேரம், ஆக மாதம் எட்டு மணி. வரி கட்டுவது, பிளம்பரைத் தேடுவது போன்ற அலைச்சல் மூன்று மணி. அவரோடு போன், படம் அனுப்புவது, கணக்கு எழுதுவது மூன்று மணி, இதை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், அங்கே பகல் என்றால் உனக்கு ராத்திரி என்பதை மறந்துவிடாதே. மொத்தம் பதினாலு மணி, ஏறக்குறைய ஒன்றே முக்கால் நாள் வேலை. உன் நாள் கூலியை ஆயிரம் என்று வை, எலக்ட்ரீஷியன் வேலைக்கு நீ வாங்குவது அதுதானே, 1,750 வருகிறது. வண்டிக்குப் பெட்ரோலும் தேய்மானமும் சேர்த்து 300. அப்புறம் சாவி உன்னிடம் இருக்கிறது என்ற பொறுப்பு, நடுராத்திரி பக்கத்து வீட்டுக்காரர் "தண்ணி வழியுதுப்பா" என்று கூப்பிட்டால் நீதான் எழுந்து போக வேண்டும், அதற்கு ஒரு 750. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்கு வாரம் இரண்டு தடவை போக வேண்டியிருக்கும், அந்த மூன்று மாதத்துக்கு ஆயிரம் ஆயிரம் கூடுதல் என்றால் வருடத்துக்குப் பரப்பினால் மாதம் 250. கூட்டினால் 3,050. நீ மூவாயிரம் சொல், இந்தக் கணக்கையும் அப்படியே அனுப்பிவிடு. நிலத்தை எட்டிப் பார்ப்பதற்குத் தனியாக 500 கேட்கலாம்.

கூட்டித் துடைக்கும் அம்மாவுக்குக் கொடுப்பது, பல்பு, பினாயில், கரையான் மருந்து எதுவும் இந்த மூவாயிரத்தில் வராது. அதற்கு முன்பணமாக 5,000 வாங்கி வை, செலவழிக்கச் செலவழிக்க ரசீதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போடு, ஆயிரத்துக்குக் கீழே வந்தால் நிரப்பச் சொல். பெயின்ட் அடிப்பது, மேல்தளம் பூசுவது மாதிரி லட்சக் கணக்கான வேலை வந்தால் பணத்தை உன் கணக்குக்கு வாங்காதே, அவருடைய இந்தியக் கணக்கிலிருந்து நேராகக் கொத்தனாருக்கே போகட்டும். மேஸ்திரியிடம் கமிஷன் வாங்கினால் அதோடு உன் கதை முடிந்தது, அது இரண்டு மாதத்தில் தெரிந்துவிடும்.

அந்த இரண்டு மணி நேரத்தில் என்ன செய்வது என்றுதான் நீ அடுத்து கேட்பாய். பூட்டிய வீட்டைக் கெடுப்பது தண்ணீரும் கரையானும். உள்ளே போனதும் ஜன்னலைத் திற, ஒவ்வொரு கழிப்பறையிலும் குளியலறை ஜாலியிலும் ஒரு குவளை தண்ணீர் ஊற்று. அடியில் நிற்கும் தண்ணீர் வற்றினால் சாக்கடை வாடையும் கரப்பானும் அந்த வழியாகத்தான் ஏறி வரும். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓட விடு, மாதக்கணக்கில் சும்மா கிடந்தால் இறுகிவிடும். நிலைக்கதவு, கட்டில் கால், புத்தக அலமாரியின் பின்பக்கம் எல்லாவற்றையும் டார்ச் அடித்துப் பார், பென்சில் கோடு மாதிரி மண் வரி தெரிந்தால் கரையான் ஏறிவிட்டது என்று அர்த்தம். விரலால் தட்டு, உள்ளே பொள்ளையாகச் சத்தம் வந்தால் நீ தாமதமாக வந்திருக்கிறாய்.

மொட்டை மாடிக்கு ஏறாமல் திரும்பாதே. மழைத்தண்ணீர் இறங்கும் வாயில் நாலு மாவிலை அடைத்துக்கொண்டால் போதும், ஒரே ராத்திரி மழையில் மாடி குளமாகி ஒரு வாரத்தில் கீழே கூரையில் ஈரவட்டம் தெரியும். கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்திருந்தால் இரண்டு இலையாக இருக்கும்போதே வேரோடு பிடுங்கு, வெட்டி விட்டால் உள்ளே வேர் பருத்துக்கொண்டே போகும்.

கிளம்பும்போது மின் மீட்டர் ரீடிங்கைப் படம் எடு, ஒவ்வொரு தடவையும். இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் வரை இலவசம் என்பதால் பூட்டிய வீட்டுக்குப் பில் பெரும்பாலும் பூஜ்யமாகத்தான் வரும், அதனால் யாரும் மீட்டரைப் பார்ப்பதே இல்லை. எனக்கு ஒரு வீட்டில் வாரத்துக்குப் பதினைந்து யூனிட் ஓடியிருந்தது. பின்பக்கச் சுவரோரம் கட்டட வேலை செய்தவர்கள் வெளி ப்ளக்கிலிருந்து வயர் இழுத்திருந்தார்கள். சொத்து வரியை ஏப்ரலிலும் அக்டோபரிலும் கட்டிவிட்டால் 5 சதவீதம் குறையும், அதை அவரிடம் சொல்லிக் காட்டு, சந்தோஷப்படுவார்.

நிலத்துக்கு மாதம் ஒருமுறை போனால் போதும், ஆனால் எல்லைக் கல்லையும் வரப்பையும் ஒரே இடத்தில் நின்று படம் எடு. உழவுக்கு உழவு ஒரு சாண் வெட்டி நகர்த்துவார்கள், ஒரு போகத்தில் தெரியாது, மூன்று போகத்துப் படத்தை வரிசையாக வைத்தால் தெரிந்துவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை tnreginet.gov.in-ல் வில்லங்கம் பார்த்து அவருக்கு அனுப்பு. காசு கிடையாது, சர்வே நம்பர் போதும்.

இன்னொன்று, இதில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். முதல் மாதமே அவருடைய அக்கா வீட்டுக்காரர் வந்து "கல்யாணத்துக்கு ரெண்டு நாள் சாவி கொடு தம்பி" என்பார். நீ கொடுத்தாலும் கெட்டவன், மறுத்தாலும் கெட்டவன். அதனால் யார் யாருக்குச் சாவி கொடுக்கலாம் என்று அவரையே முன்கூட்டி எழுதித் தரச் சொல். அந்தத் தாளிலேயே, நீ சம்பளம் வாங்கும் பராமரிப்பாளர் மட்டும், அங்கே குடியிருக்க மாட்டாய், யாரையும் வாடகைக்கு வைக்க மாட்டாய், ஒரு மாத முன்னறிவிப்பில் யார் வேண்டுமானாலும் முடித்துக்கொள்ளலாம் என்பதையும் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். பொது அதிகாரப் பத்திரம் எழுதித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல், நாலு ஜன்னல் திறக்க அது எதற்கு. பீரோ சாவியும் வேண்டாம்.

அவர் மூவாயிரம் அதிகம், இரண்டாயிரம் தருகிறேன் என்றால் கோபப்படாதே. வாரம் ஒரு தடவை என்பதைப் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை என்று மாற்று, மழைக்காலத்தில் மட்டும் வாரம் ஒன்று. அதையும் தாளில் எழுது. வேலையை அப்படியே வைத்துக்கொண்டு காசை மட்டும் குறைத்தால் மூன்றாவது மாதம் நீயாகவே மாடிக்கு ஏறுவதை விட்டுவிடுவாய், நான் விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சாவி வாங்கப் போகும்போது என்னையும் கூப்பிடு. ஒவ்வொரு அறையாக வீடியோ எடுத்து அன்றைக்கே அவருக்கு அனுப்பிவிடலாம், அந்தக் கொல்லைப்புற நிலையில் எனக்கு ஏற்கெனவே ஒரு சந்தேகம் இருக்கிறது.

அன்புடன்,
அண்ணன்