ஆய்வுக் கலைச்சொற்களை முன்மொழிவிலேயே உறுதிசெய்க: ஆய்வுக் குழுவினருக்கும் புறத்தேர்வாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆய்வுக் குழுவினருக்கும் புறத்தேர்வாளர்களுக்கும் வணக்கம்.

முன்மொழிவில் நீங்கள் ஏற்றுக்கொண்ட கலைச்சொற்களை, ஆய்வேடு முடிந்த பிறகு ஒவ்வொரு தேர்வாளரும் தத்தம் விருப்பப்படி மாற்றச் சொல்லும் வழக்கம் நின்றாக வேண்டும். முன்மொழிவோடு கலைச்சொல் பட்டியல் ஒன்றையும் கேட்டு வாங்குங்கள். அதை ஒருமுறை திருத்தி ஒப்புதல் தாருங்கள். ஆய்வேட்டோடு அதே பட்டியலைத் தேர்வாளருக்கும் அனுப்புங்கள். நான் கேட்பது இவ்வளவே.

அண்மையில் எனக்கு வந்த தேர்வாளர் அறிக்கைதான் இம்மடலை எழுதத் தூண்டியது. என் ஆய்வு வினாநிரல், நேர்காணல் ஆகிய இரண்டையும் பயன்படுத்தும் கலப்பு முறை ஆய்வு. வினாநிரலின் உள்ளிசைவைக் காட்டும் க்ரோன்பாக் ஆல்ஃபா மதிப்பு 0.82 என்பதை ‘நம்பகத்தன்மை’ என்ற தலைப்பில் எழுதியிருந்தேன். நேர்காணல் பகுதியில், பங்கேற்பாளர்களிடமே என் விளக்கங்களைக் காட்டிச் சரிபார்த்த முறையை ‘மெய்த்தகவு’ என்ற தலைப்பில் எழுதியிருந்தேன். குழு உறுப்பினர் ஒருவர், அச்சொல் புழக்கத்தில் இல்லை என்று அடித்துவிட்டு, அங்கும் ‘நம்பகத்தன்மை’ என்றே எழுதச் சொன்னார். எழுதினேன். இப்போது புறத்தேர்வாளர், நேர்காணலுக்கு நம்பகத்தன்மைக் கெழு எங்கே என்று கேட்கிறார்.

அவர் கேட்டதில் பிழையில்லை. ஒரே சொல்லைக் கண்டவர் ஒரே பொருளைத்தான் கொள்வார். பண்புசார் ஆய்வுக்கென லிங்கனும் கூபாவும் 1985-இல் முன்வைத்த நான்கு அளவுகோல்களுள் முதலாவதான கிரெடிபிலிட்டி, அதாவது நான் மெய்த்தகவு என்று எழுதியது, அளவுசார் ஆய்வின் அக ஏற்புடைமைக்கு இணையாக வைக்கப்பட்டது. நம்பகத்தன்மை என்று நாம் எழுதும் ரிலையபிலிட்டிக்கு இணையாக அவர்கள் வைத்தது டிபெண்டபிலிட்டி என்ற வேறோர் அளவுகோலை. ஆகவே, கிரெடிபிலிட்டியையும் நம்பகத்தன்மை என்றே எழுதும்போது, ஓர் இயலில் அளவீட்டின் சீர்மையைக் குறிக்கும் சொல், அடுத்த இயலில் முடிவின் உண்மையைக் குறிக்கத் தொடங்கிவிடுகிறது. சீரான அளவீடெல்லாம் சரியான அளவீடாகிவிடாது என்பதைக் கற்பிக்கும் துறையிலேயே இந்த இரண்டையும் ஒரு சொல்லுக்குள் அடைக்கச் சொல்வது எனக்கு மிகுந்த வருத்தமளிக்கிறது.

ஒரு பொருளுக்கு இரு சொற்கள் இருப்பது இத்தகைய கேட்டைத் தருவதில்லை. தமிழ்நாட்டில் திட்ட விலக்கம் என்பதை இலங்கையில் நியம விலகல் என்பர். எதை எடுத்துக்கொண்டாலும், ஆய்வேடு முழுவதும் அதையே ஆண்டால் போதும், வாசிப்பவர் குழம்பமாட்டார். ஒரு சொல்லுக்கு இரு பொருள் ஏறும்போதுதான் ஆய்வு கெடுகிறது. தேர்வாளர்கள் முதலாவதைத் திருத்துவதில் காட்டும் முனைப்பை இரண்டாவதைக் கண்டுபிடிப்பதில் காட்டுவதில்லை.

அதே அறிக்கை ‘மாதிரி’ என்பதைக் ‘கூறு’ என மாற்றவும் பணிக்கிறது. சாம்பிள், மாடல் இரண்டையும் மாதிரி என்றே எழுதும் வழக்கம் இருப்பதால், இதற்கு நியாயம் உண்டு. ஆனால் அதை முன்மொழிவின்போதே சொல்லியிருக்கலாம். கணினியில் ஒட்டுமொத்தமாக மாற்றினால் ‘மாதிரியை’ என்பது ‘கூறுயை’ என்றும், ‘மாதிரியின்’ என்பது ‘கூறுயின்’ என்றும் ஆகிறது; நேர்காணலில் ஒருவர் ‘அதே மாதிரிதான்’ என்று சொன்னது ‘அதே கூறுதான்’ என்றாகிறது. வேற்றுமை உருபு ஏறிய ஒவ்வொரு வடிவத்தையும் தனித்தனியே பார்த்துத்தான் திருத்த வேண்டும். பின்னிணைப்பிலுள்ள வினாநிரலையோ தொடவே முடியாது, ஏனெனில் பங்கேற்பாளர் படித்து விடையளித்த சொற்கள் அவை. இயல்களில் ஒரு சொல்லும் கருவியில் வேறொரு சொல்லும் நிற்கும் ஆய்வேட்டை, அடுத்த தேர்வாளர் சொற்சீர்மை இல்லாதது என்று குறை கூறுவார்.

தமிழில் ஆய்வேடு எழுதுங்கள் என்று மேடைதோறும் சொல்கிறீர்கள். எழுத வந்தவர்களுக்கு ஒரு பொதுப் பட்டியலைக்கூடத் தராமல், ஒவ்வொரு மாணவரையும் சொல்தேடித் தனியே அலையவிடுவது எவ்வகையில் முறை?

பணிவுடன் மீண்டும் கேட்கிறேன். பட்டியல் நீளமாக இருக்க வேண்டியதில்லை; ஆய்வு முறையியல் இயலின் சுமை முழுவதையும் ஏறக்குறைய முப்பது சொற்கள் தாங்கிவிடும். தமிழ்ச்சொல், தமிழ் எழுத்தில் அதன் ஆங்கில வடிவம், இவ்வாய்வில் அதன் பொருள், அதிலிருந்து பிறக்கும் தொடர்கள் என ஒவ்வொன்றுக்கும் நான்கு நெடுவரிசைகள் போதும். நான்காவது நெடுவரிசையை விட்டுவிடாதீர்கள். ‘ஏற்புடைமை’ என்றால் உள்ளடக்க ஏற்புடைமை, ஏற்புடைய கருவி என்று இயல்பாக வளர்கிறது. ‘செல்லுபடியாகும் தன்மை’ என்றால் இரண்டாவது தொடரிலேயே நடை தடுமாறுகிறது. ஒப்புதலுக்குப் பிறகு, இரு கருத்துகள் ஒரு சொல்லில் கலந்துவிட்டன என்று காட்ட முடிந்தால் மட்டும் மாற்றச் சொல்லுங்கள். வேறொரு சொல் உங்களுக்குப் பிடித்திருக்கிறது என்பதற்காக வேண்டாம்.

அடுத்த முன்மொழிவுக் கூட்டத்திலிருந்தே இதை நடைமுறைப்படுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தமிழில் ஆய்வேடு எழுதும் ஓர் ஆய்வாளர்