வலுவான காரணத்தை எங்கே வைப்பது?

பாளையங்கோட்டை

அன்புள்ள சண்முகத்துக்கு,

உன் கடிதமும் அத்துடன் வைத்திருந்த, உன் பேத்தி போட்டிக்கு எழுதிய கட்டுரையும் வியாழக்கிழமை வந்து சேர்ந்தன. என் முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. மாடிப்படி மட்டும்தான் இன்னும் பகையாக இருக்கிறது. உட்கார்ந்தே பொழுது போவதால், கட்டுரையை அவசரமில்லாமல் நான்கு முறை படிக்க முடிந்தது.

ஊர்க் கிளை நூலகத்தை மாலை ஆறு மணிக்குப் பதிலாக எட்டு மணிக்குப் பூட்ட வேண்டும் என்பது அவள் வாதம். காரணங்கள் நான்கு. மூன்று நாள் மாலையில் நூலக வாசலில் நின்று, பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனவர்களை எண்ணியிருக்கிறாள். பதினான்கு, பதினொன்று, பதினேழு பேர். இது முதல் காரணம். மதியம் பன்னிரண்டு முதல் இரண்டு வரை நூலகத்தில் ஆளே இருப்பதில்லை, அந்த இரண்டு மணி நேரத்தை மாலைக்கு மாற்றினால் செலவு அதிகமாகாது என்பது இரண்டாவது. பக்கத்து ஊர் நூலகம் எட்டு மணி வரை திறந்திருக்கிறது என்பது மூன்றாவது. வாசிப்பு அறிவை வளர்க்கும் என்பது நான்காவது.

வலுவானதை முதலில் வைத்தது சரிதான் என்று நீ எழுதியிருக்கிறாய். நாற்பது ஆண்டு நீதிமன்றத்தில் நின்றவன் அப்படித்தான் சொல்வாய். நீதிபதி எப்போது கையை உயர்த்தி நிறுத்துவார் என்று தெரியாத இடத்தில் நல்லதைப் பின்னால் பத்திரப்படுத்தி வைக்க முடியாது. ஆனால் அவளுடைய கட்டுரையில் சிக்கல் தொடக்கத்தில் இல்லை. வாசலில் நின்று எண்ணிய கணக்கில் தொடங்கியவள், யாருமே மறுக்காத, அதனாலேயே யாரையும் அசைக்காத ஒரு வாசகத்தில் வந்து முடிக்கிறாள். பத்திக்குப் பத்தி சரிவு. கட்டுரையை மூடி வைத்த பிறகு நினைவில் நிற்பது அந்தப் பதினேழு பேர் அல்லர். பள்ளிச் சுவரில் எழுதியிருக்கும் பொன்மொழி.

இந்தக் கேள்வி மிகப் பழையது. முதல் நூற்றாண்டில் ரோமில் பேச்சுக்கலை கற்பித்த குயின்டிலியன், வலுவான வாதங்களை முதலில் வைப்பதா, கடைசியில் வைப்பதா, அல்லது பிரித்து இரு முனையிலும் நிறுத்தி மெலிந்தவற்றை நடுவில் வைப்பதா என்று கேட்கிறார். மூன்றாவது முறைக்கு ஹோமரின் பெயர் உண்டு. அவருடைய இலியட் காவியத்தின் நான்காம் பகுதியில் கிழவர் நெஸ்டர் தேர்ப்படையை முன்னாலும் தேர்ந்த காலாட்படையைப் பின்னாலும் நிறுத்தி, கோழைகளை இடையில் தள்ளுகிறார். விரும்பாவிட்டாலும் அவர்கள் போரிட்டே ஆக வேண்டும் அல்லவா? குயின்டிலியன் இவற்றில் எதையும் கட்டாயமாக்கவில்லை, வழக்கைப் பொறுத்தது என்கிறார். ஒன்றை மட்டும் விலக்குகிறார்: வலுவில் தொடங்கி நலிவில் இறங்கக் கூடாது. உன் பேத்தி செய்திருப்பது அந்த ஒன்றைத்தான். (நம் நன்னூல் பத்து அழகுகளில் ஒன்றாக ‘முறையின் வைப்பு’ என்று சொல்கிறதே தவிர, காரணங்களில் எது முன், எது பின் என்பதற்குள் போகவில்லை.)

நெஸ்டரின் அணிவகுப்பு மேடைப் பேச்சுக்குப் பொருந்தும். காற்றில் போய்விட்ட சொல்லைக் கேட்பவர் திருப்பிப் பார்க்க முடியாது. கட்டுரை படிப்பவரோ நடுப்பத்தியில் விரலை வைத்துக்கொண்டு யோசிக்கலாம். அங்கே கோழை ஒளிய முடியாது. ஆகவே மெலிந்த காரணத்துக்கு இடம் தேடுவதைவிட, அது எந்த வகை மெலிவு என்று பார்ப்பது மேல். தனித்தனியே சிறியவையாக இருந்தும் ஒரே திசையைக் காட்டும் காரணங்கள் உண்டு. உறவினரைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட ஒருவனைக் குயின்டிலியன் காட்டுகிறார்: சொத்து வரும் என்று எதிர்பார்த்தான், அது பெரிய சொத்து, அவன் ஏழை, கடன்காரர்கள் நெருக்கினார்கள், உயில் மாற்றப்படப் போவதும் அவனுக்குத் தெரியும். ஒவ்வொன்றும் எவனுக்கும் பொருந்தக் கூடியதுதான், ஆனால் சேர்த்துச் சொன்னால் மின்னலாக இறங்காவிட்டாலும் ஆலங்கட்டியாக விழும் என்கிறார். ‘வாசிப்பு அறிவை வளர்க்கும்’ இந்த வகையில் சேராது. ஆறு மணிக்குப் பூட்டுகிறவரும் அதை ஒப்புக்கொள்வார். நான் அதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டேன். பேத்தியிடம் சற்று மென்மையாகச் சொல்.

மீதி மூன்றையும் மூன்று துண்டுச் சீட்டில் எழுதி மேசையில் இடம் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். வகுப்பில் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுத்த பழைய வழி இது. உன்னிடம் ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும்: எண்ணிக்கையைக் கடைசியில் வைக்க வேண்டும் என்ற முடிவோடுதான் உட்கார்ந்தேன், ஆனால் சீட்டுகள் அதற்கு இணங்கவில்லை. மதிய நேரத்தை மாலைக்கு மாற்றலாம் என்ற வாதம், மாலையில் ஆள் வருகிறார்கள் என்று தெரிந்த பிறகே புரிகிறது. பக்கத்து ஊர்ச் செய்தி அதையும் சார்ந்து நிற்கிறது. அது உண்மையில் காரணமே அன்று, ‘இது நடக்கிற காரியமா?’ என்று படிப்பவர் மனத்தில் எழும் ஐயத்துக்கு விடை. எண்ணிக்கை என்ற அடித்தளத்தைக் கடைசிக்கு நகர்த்தினால் மற்ற இரண்டும் அந்தரத்தில் தொங்குகின்றன. எது வலுவானது என்று கேட்பதற்கு முன் எது எதன்மேல் நிற்கிறது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

அப்படியானால் கட்டுரையின் முடிவுக்கு என்ன மிஞ்சும்? அவளுடைய இரண்டாம் பத்தியில் ஒரு வரி, போகிற போக்கில் வந்து மறைகிறது. மூன்றாம் நாள் ஒரு பெண் கம்பிக்கதவுக்கு வெளியே நின்று, உள்ளே பலகையில் ஒட்டியிருந்த வேலைவாய்ப்பு அறிவிப்பைக் கைபேசி வெளிச்சத்தில் பார்த்துத் தன் கையில் எழுதிக்கொண்டு போயிருக்கிறாள். அந்தப் பதினேழு பேரில் ஒருத்தி. வலுவான காரணத்தை இந்த இடத்தில் இரண்டாகப் பிரிக்கலாம் என்று தோன்றுகிறது. எண்கள் முதல் பத்தியில் நிற்கட்டும். மதிய நேரக் கணக்கும் பக்கத்து ஊரும் நடுவில் வரட்டும். கம்பிக்கதவுக்கு வெளியே நின்ற பெண் கடைசிப் பத்தியில் வரட்டும். எண்ணைத் திரும்பச் சொன்னால் மட்டும் கெட்டுப்போகும். முன்னால் சொன்னதையே பின்னாலும் சொல்கிறாள் என்று நடுவர் நினைத்துவிடுவார்.

இது போட்டிக்கான ஏற்பாடு. நடுவர் கடைசி வரி வரை படித்துத்தான் மதிப்பெண் போட வேண்டும். இதையே மாவட்ட நூலக அலுவலருக்கு மனுவாக அனுப்பும் எண்ணம் இருப்பதாக எழுதியிருக்கிறாயே, அதற்கு உன் நீதிமன்ற முறைதான் சரி. கோரிக்கை, மூன்று நாள் எண்ணிக்கை, கூடுதல் செலவில்லை என்ற செய்தி ஆகிய மூன்றும் முதல் ஐந்து வரிக்குள் வந்துவிட வேண்டும். அதற்குக் கீழே அவர் கண் போகும் என்பதற்கு உறுதியில்லை. கம்பிக்கதவுப் பெண் மனுவில் வேண்டாம்.

இடம் மாற்றும்போது இணைப்புச் சொற்களையும் பார்க்கச் சொல். அவள் பத்திக்குப் பத்தி ‘மேலும்’ என்று தொடங்கியிருக்கிறாள். ‘மேலும்’ என்று தொடங்கும் பத்திகளை எப்படிக் குலுக்கி வைத்தாலும் தெரியாது; வரிசைக்குக் காரணமே இல்லை என்பதற்கு அதுவே அடையாளம். ‘அப்படி வருகிறவர்களுக்காக’, ‘இது நடக்குமா என்றால்’ என்று பத்திகள் தொடங்கினால் எதையும் இடம் பெயர்க்க முடியாது.

திருத்திய படியை அவள் கையாலேயே எழுதி அனுப்பச் சொல். மூன்று துண்டுச் சீட்டுகளையும் இத்துடன் வைத்திருக்கிறேன். என் வரிசை பிடிக்காவிட்டால் நீயும் அவளும் மேசையில் போட்டு மாற்றிப் பாருங்கள்.

அன்புடன்,
வேலாயுதம்